சிப் சூடு குறையவில்லையா? ஹீட் சிங்கின் எந்த அளவு தவறு என்று கண்டுபிடிக்கும் வழி

சிறிய சிப் ஒன்று அளவுக்கு மீறிச் சூடானால், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இன்னும் பெரிய ஹீட் சிங்க் வாங்குவது, அல்லது ஃபின்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. இரண்டாலும் பலன் கிடைக்காமல் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஃபின் இடைவெளி, ஃபின் தடிமன், அடித்தகட்டின் தடிமன் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு குறைகளைத் தீர்ப்பவை. எந்தக் குறை இருக்கிறது என்று தெரியாமல் வேறொன்றை மாற்றினால் எடையும் செலவும்தான் கூடும்.

குறையைக் கண்டுபிடிக்க ஐந்து இடங்களில் வெப்பநிலை அளந்தால் போதும். அவற்றில் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறதோ, அங்கேதான் வெப்பம் தேங்குகிறது. கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் அந்த ஐந்து எண்களிலிருந்து கிளைப்பவை.

## முதலில் ஐந்து எண்கள்

அளக்க வேண்டிய இடங்கள்: ஹீட் சிங்குக்குள் நுழையும் காற்று, ஃபின் நுனி, அடித்தகட்டின் ஓரம், சிப்புக்கு நேர் பின்னே அடித்தகட்டின் நடுப்பகுதி, சிப்பின் மேலுறை. மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியே இதற்குச் சிறந்தது. அடித்தகட்டின் நடுவை அளக்க, நடு ஃபின்களுக்கு இடையே கம்பியை அடிவரை இறக்கி, துளி பசையால் ஒட்டுங்கள். சிப்பின் மேலுறைக்கு, அது ஹீட் சிங்கைத் தொடும் விளிம்பில் கம்பி நுனியை வைத்தால் போதும்.

அகச்சிவப்பு வெப்பமானியை வெற்று அலுமினியத்தின் மீது காட்டாதீர்கள். பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைச் சரியாகக் காட்டாது. எதிரே இருக்கும் பொருட்களின் வெப்பத்தைப் பிரதிபலிக்கும். 90 டிகிரியில் இருக்கும் தகடு 45 என்று காட்டக்கூடும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சிறு துண்டு ஒட்டி, அதன் மீது காட்டுங்கள்.

ஃபேன் இல்லாத ஹீட் சிங்க் என்றால் மின்சாரம் கொடுத்து அரை மணி நேரமாவது காத்திருங்கள். எழுபது கிராம் எடையுள்ள சிறிய அலுமினியத் துண்டுகூட நிலையான வெப்பத்துக்கு வர ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். பத்து நிமிடத்தில் அளந்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தவர்களின் கருவிகள்தான் பிறகு திரும்பி வருகின்றன.

ஹீட் சிங்கோ சிப்பின் உலோகப் பகுதியோ மின் இணைப்பில் இருக்கலாம். மெயின் லைனோடு நேரடித் தொடர்புள்ள சுற்று என்றால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கம்பியைப் பொருத்துங்கள். அத்தகைய சுற்றில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த அளவீட்டையே தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

## அறிகுறி 1: சிப் கொதிக்கிறது, ஹீட் சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது

மேலுறைக்கும் அடித்தகட்டு நடுவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மற்ற இடங்களில் வித்தியாசம் குறைவு. வெப்பம் ஹீட் சிங்குக்குள் நுழையவே இல்லை. ஃபின்களைத் தொடவே வேண்டாம்.

தெர்மல் பேஸ்ட் இருக்கிறதா, எப்படிப் பரவியிருக்கிறது? ஹீட் சிங்கைக் கழற்றி இரு பரப்புகளையும் பாருங்கள். சீரான, மெல்லிய படலம் இருபுறமும் ஒட்டியிருந்தால் நல்லது. நடுவில் தடித்து, ஓரங்களில் அழுந்தியிருந்தால் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். 12 மி.மீ. சதுரச் சிப் 7 வாட் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர்-கெல்வினுக்கு 3 வாட் கடத்தும் சாதாரணப் பேஸ்ட் 0.1 மி.மீ. தடிமனில் இருந்தால் அதில் இழப்பது இரண்டு டிகிரிக்கும் குறைவு. அதே இடத்தில் 0.5 மி.மீ. சிலிக்கோன் பட்டை, அதாவது 1.5 வாட் வகை, இருந்தால் 16 டிகிரி. வெறும் காற்று 0.1 மி.மீ. இருந்தாலோ, கணக்குப்படி 180 டிகிரிக்கு மேல் போகும். அவ்வளவு தூரம் போகும் முன்பே சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அல்லது எரிந்துவிடும்.

பாதுகாப்புப் படலம் அப்படியே இருக்கிறதா? ஒட்டும் வெப்பப் பட்டைகளின் இருபுறமும் பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஒரு பக்கத் தாளை உரிக்க மறந்து பொருத்தியிருப்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

திருகுகள் அடித்தகட்டை வளைக்கின்றனவா? 2 மி.மீ. தடிமனுள்ள அடித்தகட்டை நான்கு மூலைகளிலும் இறுக்கினால், சிப்பைத் தாங்குமுனையாகக் கொண்டு மூலைகள் கீழே வளைந்து, சிப்பின் ஒரு பக்கம் எழும்பிவிடும். எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, எதிரெதிர் மூலைகளாக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். சுருள்வில் வைத்த திருகுகள் இருந்தால் அழுத்தம் தானாகவே சமமாகும். இரும்பு அளவுகோலின் விளிம்பை அடித்தகட்டின் மீது வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தால், சிப் அமரும் இடத்தில் வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால், தட்டையான கண்ணாடியின் மீது 400 எண் நீர் உப்புத்தாளை ஒட்டி, தகட்டை அதில் தேய்த்துச் சமமாக்கலாம்.

சிப் வெப்பத்தை மேலே அனுப்பும் வகைதானா? இவ்வளவும் சரியாக இருந்தும் ஹீட் சிங்க் குளிர்ந்தே இருந்தால் டேட்டா ஷீட்டைத் திறங்கள். அடியில் உலோகப் பரப்பு வைத்த சிறு சிப்கள் பல, வெப்பத்தை போர்டின் செம்புக்குள்தான் தள்ளுகின்றன. மேல் பக்கம் தடித்த பிளாஸ்டிக். அதன் வெப்பத் தடை வாட்டுக்குப் பத்து, இருபது டிகிரி இருப்பதும் உண்டு. அந்தச் சிப்பின் தலையில் எவ்வளவு அழகான ஹீட் சிங்கை வைத்தாலும் பயன் குறைவுதான். போர்டின் பின்புறத்தில் ஹீட் சிங்க் பொருத்த வேண்டும், அல்லது போர்டில் செம்புப் பரப்பையும் துளைகளையும் கூட்ட வேண்டும். இது போர்டு வடிவமைப்பாளரின் வேலை.

## அறிகுறி 2: ஹீட் சிங்க் முழுவதும் ஒரே மாதிரி கொதிக்கிறது

நுனி, ஓரம், நடு, மேலுறை எல்லாம் சில டிகிரிக்குள் இருக்கின்றன. காற்றுக்கும் நுனிக்கும் இடையில்தான் பெரிய பள்ளம். வெப்பம் உலோகத்துக்குள் நன்றாகப் பரவிவிட்டது, காற்றுக்குப் போக வழியில்லை. நான் பார்க்கும் ஹீட் சிங்க் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வகை. அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டிக்குள் காற்று எவ்வளவு சூடு? அறை 30 டிகிரி, ஆனால் மூடிய பெட்டிக்குள் 55 டிகிரி என்றால், ஹீட் சிங்க் தன் வேலையைத் தொடங்குவதே 55-இல்தான். மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். எல்லா எண்களும் ஒரே அளவு இறங்கினால் குறை பெட்டியில் இருக்கிறது. அடியிலும் மேலேயும் காற்றோட்டத் துளை வையுங்கள்.

எந்தத் திசையில் பொருத்தியிருக்கிறது? ஃபேன் இல்லாதபோது, ஃபின்களுக்கு இடையிலான வழிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் சூடான காற்று மேலே ஏற, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். செங்குத்துச் சுவரில் அந்த வழிகள் கிடைமட்டமாகப் படுத்திருந்தால் காற்று ஒவ்வொரு ஃபினிலும் முட்டி நிற்கும். தொண்ணூறு டிகிரி திருப்பிப் பொருத்துவதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் பலன் பல நேரம் புது ஹீட் சிங்குக்கு ஈடானது.

பரப்பு வெற்று அலுமினியமா? ஃபேன் இல்லாத சிறு ஹீட் சிங்கில் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கதிர்வீச்சாகவே வெளியேறுகிறது. பளபளப்பான அலுமினியம் அந்தப் பங்கை அப்படியே இழக்கிறது. அனோடைசிங் செய்தால் போதும். கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நிறமற்ற அனோடைசிங்கும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. ஃபேன் வைத்த ஹீட் சிங்கில் இதனால் பெரிய மாற்றம் இருக்காது.

ஃபின்கள் நெருக்கமாக இருக்கின்றனவா? பழுதின் ஆணிவேர் பெரும்பாலும் இதுதான். சூடான ஃபின்னை ஒட்டி ஒரு மெதுவான காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டே ஏறுகிறது. எதிரெதிர் ஃபின்களின் படலங்கள் நடுவில் சேர்ந்துவிட்டால் புதுக் காற்று நுழைய இடமில்லை. ஃபேன் இல்லாத செங்குத்து ஃபின்களுக்கு ஏற்ற இடைவெளியை இந்த எளிய கணக்கு தரும்:

```
S = 5.5 * (L / dT)^0.25
```

S என்பது மி.மீ. கணக்கில் இடைவெளி, L என்பது காற்று ஏறும் திசையில் ஃபின்னின் நீளம், அதுவும் மி.மீ.; dT என்பது ஃபின்னுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். 50 மி.மீ. நீளம், 40 டிகிரி வித்தியாசம் என்றால் விடை ஏறக்குறைய 5.8 மி.மீ. நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் விடை 7-ஐத் தாண்டாது. ஆகவே சிறு சிப்களுக்கு 5 முதல் 7 மி.மீ. என்று நினைவில் வைத்தால் பெரிய தவறு வராது.

### ஒரு ஹீட் சிங்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேலே சொன்ன 12 மி.மீ. சிப், 7 வாட். மேலுறை 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. காற்று 35 டிகிரி. அதாவது 50 டிகிரி கைவசம் இருக்கிறது. 7-ஆல் வகுத்தால், காற்றிலிருந்து மேலுறை வரை வாட்டுக்கு 7 டிகிரிக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பொருத்தியிருப்பது 50 மி.மீ. சதுர ஹீட் சிங்க். 25 மி.மீ. உயரம், 1.2 மி.மீ. தடிமனில் 14 ஃபின்கள், இடைவெளி சுமார் 2.5 மி.மீ. ஃபேனுக்காகச் செய்யப்பட்ட துண்டு இது. ஃபேன் இல்லாமல் வைத்துவிட்டார்கள். கணக்கில் காற்று 35, நுனி 91, ஓரம் 91, நடு 94, மேலுறை 96 என்று வருகிறது. மொத்தம் ஏறிய 61 டிகிரியில் 56 காற்றுப் பக்கத்திலேயே இருக்கிறது. பேஸ்ட், அடித்தகடு, ஃபின் தடிமன் மூன்றும் சேர்ந்து மீதி 5 டிகிரிதான். விலை உயர்ந்த பேஸ்ட் வாங்கினால் அந்த 5-இல் ஒன்றைக் குறைக்கலாம்.

இப்போது அதே அளவு அடித்தகட்டில் 1.5 மி.மீ. தடிமனுள்ள 7 ஃபின்கள் மட்டும் வைப்போம். இடைவெளி 6.6 மி.மீ. ஆகிறது. ஃபின் பரப்பு சரிபாதியாகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது, ஏனென்றால் நெருக்கமான வழிகளில் காற்று ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அனோடைசிங் செய்த பரப்போடு கணக்கிட்டால் நுனி 71, நடு 73, மேலுறை 75 என்று வருகிறது. பாதி ஃபின்களோடு 21 டிகிரி குறைவு. அதே துண்டு வெற்று அலுமினியமாக இருந்தால் பத்து டிகிரிக்கு மேல் திரும்ப ஏறி, 85 என்ற எல்லையை உரசும்.

கையில் இருக்கும் 14 ஃபின் துண்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒன்றுவிட்டு ஒன்றாக ஃபின்களை அடியோடு அறுத்து எடுத்துவிட்டு அளவெடுங்கள். இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் வந்துவிடும். வெப்பநிலை இறங்கினால் குறை உறுதியாகிவிட்டது. புது வார்ப்பு வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இடைவெளி சரியாக இருந்தும் போதவில்லை என்றால்தான் அடுத்த செலவுக்குப் போக வேண்டும்: ஃபின்னின் உயரத்தைக் கூட்டுவது, அடித்தகட்டை அகலமாக்குவது, கடைசியாக ஃபேன். அகலத்தைக் கூட்டினால் வழிகளின் எண்ணிக்கை கூடும், அதனால் முழுப் பலன் கிடைக்கும். காற்று ஏறும் திசையில் நீளத்தைக் கூட்டினால் பலன் குறைவு. மேல்பாதிக்குப் போய்ச் சேருவது ஏற்கனவே சூடான காற்று.

## அறிகுறி 3: ஃபேன் வைத்தும் குறையவில்லை

ஃபேன் காற்று எங்கே போகிறது? மெல்லிய நூலை ஒரு குச்சியில் கட்டி, ஃபின்களின் வெளியேறும் பக்கத்தில் பிடியுங்கள். நூல் அசையாமல் தொங்கினால், காற்று ஹீட் சிங்கைச் சுற்றிக்கொண்டு போகிறது. நெருக்கமான ஃபின்கள் காற்றைத் தடுக்கும். பக்கத்தில் திறந்த வழி இருந்தால் காற்று அதைத்தான் எடுக்கும். அட்டையாலும் டேப்பாலும் பக்கங்களையும் மேல்புறத்தையும் தற்காலிகமாக மூடி, காற்று ஃபின்களுக்குள்தான் போக வேண்டும் என்று செய்து பாருங்கள். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

தூசி அடைத்திருக்கிறதா? 2 மி.மீ.க்குக் குறைவான இடைவெளிகள் நுழைவுப் பக்கத்தில் கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். வெளியே பார்க்கத் தெரியாது. விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள்.

ஃபேனுக்கு ஏற்ற இடைவெளியா? நொடிக்கு ஒன்று முதல் இரண்டரை மீட்டர் வரை காற்று ஓடும் 50 மி.மீ. ஹீட் சிங்குக்கு 2 முதல் 3.5 மி.மீ. இடைவெளி நன்றாக வேலை செய்யும். ஃபேன் இல்லாமல் இருக்க வடிவமைத்த 6 மி.மீ. துண்டில் ஃபேனை வைத்தால், பெருமளவு காற்று எந்த ஃபின்னையும் தொடாமல் நடுவழியே ஓடிவிடும். சிறிது பலன் இருக்கும். ஃபேனின் முழு மதிப்பு கிடைக்காது.

## அறிகுறி 4: ஃபின்னின் அடி சூடு, நுனி குளிர்ச்சி

காற்றுக்கு மேல் நுனி எவ்வளவு டிகிரி இருக்கிறது, அடி எவ்வளவு டிகிரி இருக்கிறது என்று கணக்கிட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். விடை 0.8-க்கு மேல் என்றால் ஃபின் தடிமனில் குறையில்லை. 0.65-க்குக் கீழே போனால் ஃபின்னின் மேல்பகுதி சும்மா நிற்கிறது.

ஃபேன் இல்லாத 25 மி.மீ. ஃபின்னில் இந்த விடை 0.98 அளவில் இருக்கும். 1.5-ஐ 3 மி.மீ. ஆக்கினால் வெப்பநிலையில் மாற்றம் தெரியாது, இடைவெளிதான் பறிபோகும். தடிமன் பிரச்சினையாவது ஃபேன் வலுவாக இருக்கும்போதும் ஃபின் உயரமாக இருக்கும்போதும்தான். 40 மி.மீ. உயரம், 0.5 மி.மீ. தடிமன், நல்ல காற்றோட்டம் என்றால் விடை 0.6-க்குக் கீழே இறங்கும். அங்கே 1 மி.மீ. ஆக்குவது பலன் தரும். உயரத்தை 25 மி.மீ. ஆகக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிப்பதும் நியாயம்தான்.

இந்த அறிகுறி எதிர்பாராமல் வந்தால் உலோகத்தையும் சந்தேகியுங்கள். எக்ஸ்ட்ரூஷனுக்குப் பயன்படும் 6063 அலுமினியம் மீட்டர்-கெல்வினுக்கு 200 வாட் அளவில் கடத்தும். அச்சில் வார்க்கும் ஏடிசி12 வகை அதில் ஏறக்குறைய பாதிதான். ஒட்டிய ஃபின்கள் என்றால் ஒட்டுப் பகுதியிலேயே வெப்பம் தடைபடலாம். அடித்தகட்டுக்கும் ஃபின்னின் அடிக்கும் இடையே திடீர் வீழ்ச்சி இருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. அதைத் திருத்த முடியாது, துண்டையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி 5: அடித்தகட்டின் நடு சூடு, ஓரம் குளிர்ச்சி

சிறு சிப்பிலிருந்து வரும் வெப்பம் அகலமான தகட்டில் பரவ முடியாமல் திணறுகிறது. அடித்தகட்டின் தடிமனைத் தொட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

ஆனால் முதலில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். நம் 7 வாட் உதாரணத்தில் 2 மி.மீ. தகட்டில் பரவுவதற்கான இழப்பு மூன்றரை டிகிரிக்கும் குறைவு, 5 மி.மீ. ஆக்கினால் இரண்டுக்கும் குறைவு, 8 மி.மீ. ஆக்கினால் அதிலிருந்து மேலும் கால் டிகிரி அளவில்தான் குறையும். இத்தகைய சிப்புக்கு 4 அல்லது 5 மி.மீ. தாராளம், அதுவும் பாதிக்குப் பாதி வளையாமல் இருப்பதற்காகத்தான்.

சிப் இன்னும் சிறியதாகி, வாட் கூடும்போது கதை மாறுகிறது. 5 மி.மீ. சதுரத்திலிருந்து 20 வாட் வருகிறது, ஃபேன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் பரவல் இழப்பு மட்டும் 18 டிகிரி. 5 மி.மீ. ஆக்கினால் 11. அதற்கு மேல் தடித்தாலும் பெரிதாக இறங்காது, ஏனென்றால் சிப்புக்கு மிக அருகில் உள்ள சில மில்லிமீட்டரிலேயே நெரிசல் இருக்கிறது. அங்கே உலோகத்தை மாற்றுவதுதான் வழி: அடித்தகட்டைச் செம்பாக்கினால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். முழுத் தகட்டையும் செம்பாக்க வேண்டியதில்லை; சிப்பின் அடியில் மட்டும் சிப்பைவிட நன்றாக அகலமான செம்புத் துண்டைப் பதிப்பதே எடையிலும் விலையிலும் எளிது. அதைப் பசையால் ஒட்டாதீர்கள். இறுக்கிப் பதிக்க வேண்டும் அல்லது பற்றவைக்க வேண்டும். லேத், மில்லிங் வசதியுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்வதே சரி.

சிப் தகட்டின் மூலையில் அமர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும். துளைகளை மாற்றி நடுவுக்குக் கொண்டுவர முடியுமா என்று தடிமனைத் தொடும் முன் பாருங்கள்.

## எப்போது வேறொருவரிடம் கொடுக்க வேண்டும்

ஐந்து எண்களைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்னவற்றைச் சரிசெய்த பிறகும் காற்றிலிருந்து மேலுறை வரையிலான வித்தியாசம் கைவசமுள்ள அளவைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தால், கையால் திருத்தும் எல்லை முடிந்துவிட்டது. ஒரே தகட்டில் பல சிப்கள் இருக்கும்போதும், காற்று முற்றிலும் நுழையாத பெட்டியிலும் எளிய கணக்குகள் கைகொடுக்காது. வெப்ப உருவகக் கணிப்பு செய்பவர் வேண்டும்.

ஃபின் உயரத்தை இடைவெளியால் வகுத்தால் பத்துக்கு மேல் வருகிற வடிவம் என்றால், வரைபடத்தை இறுதி செய்யும் முன் எக்ஸ்ட்ரூஷன் செய்பவரிடம் கேளுங்கள். சாதாரண அச்சில் அது வராது; ஃபின்களை ஒட்டியோ உலோகத்திலிருந்து சீவி எழுப்பியோதான் செய்ய முடியும், செலவு பல மடங்காகும். நம் 6.6 மி.மீ. துண்டு நான்குக்கும் கீழே நிற்கிறது. எந்த அச்சிலும் வரும்.

யாரிடம் கொடுத்தாலும் ஐந்து எண்களோடு சிப்பின் வாட், மேலுறைக்கான உச்ச வெப்பநிலை, பொருத்தும் திசை ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். வாட்டை டேட்டா ஷீட்டின் உச்ச எண்ணிலிருந்து எடுக்காமல், உங்கள் சுற்றில் சிப்பில் விழும் மின்னழுத்தத்தையும் ஓடும் மின்னோட்டத்தையும் அளந்து பெருக்குங்கள்.